இண்டர்வியூவுக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது?

கேள்வி: "பி.காம். முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் இரண்டு வருஷம் கணக்கு பார்த்தேன். இப்போது சென்னையில் வேலை தேடுகிறேன். போன இரண்டு இண்டர்வியூவிலும் மூன்று மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டதும் குரலே எழும்பவில்லை. மற்றவர்கள் சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர்களிடமும் ரிசப்ஷனிஸ்டிடமும் என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது? அடுத்த இண்டர்வியூ புதன்கிழமை, கிண்டியில்."

பதில்:

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் ரிசப்ஷனில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எச்.ஆர். பக்கம் வந்து, இப்போது ஆள் எடுக்கும் வேலைதான் பார்க்கிறேன். நீங்கள் சொல்கிற அந்த மூன்று மணி நேரத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து நிறைய பார்த்திருக்கிறேன். அதனால் அங்கே என்ன நடக்கிறது என்பதிலிருந்தே சொல்கிறேன்.

குரல் எழும்பாமல் போனதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. ஏசி ஓடும் ஹாலில் தண்ணீர் குடிக்காமல், பேசாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் தொண்டை வறண்டுபோகும். அன்றைய நாளின் முதல் முழு வாக்கியத்தை மூன்று பேர் கொண்ட பேனலுக்கு முன்னால் சொல்லிப் பார்க்கிறீர்கள். அது உடைந்துதான் வரும். அதற்கு முன்பே பத்து வாக்கியமாவது யாரிடமாவது சாதாரணமாகப் பேசியிருந்தால் குரல் தன் இடத்துக்கு வந்திருக்கும். காத்திருக்கும் இடத்தில் பேசுவதன் முதல் பயனே இதுதான். யாரையும் கவருவதற்காகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் பேச்சு வராது.

ரிசப்ஷனில் தொடங்குவோம், நீங்கள் முதலில் நிற்பது அங்கேதான். காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. போன் அடித்துக்கொண்டே இருக்கும், கூரியர்காரர் கையெழுத்துக்கு நிற்பார், ஏதாவது மீட்டிங்குக்கு வந்தவர் பாஸ் கேட்பார், நடுவில் உங்களைப் போல பதினைந்து பேர் வருவார்கள். அந்த நேரத்தில் அவருக்குப் பிடித்த பேச்சு, வேலையைச் சுலபமாக்கும் பேச்சுதான். "குட் மார்னிங் மேடம். என் பேர் இன்னது. அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் இண்டர்வியூவுக்கு வந்திருக்கேன், பத்து மணிக்குச் சொல்லியிருந்தாங்க." பெயர், வேலை, நேரம் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டால் அவர் பட்டியலில் டிக் அடித்துவிட்டு ஃபார்மை நீட்டிவிடுவார். மெயில் அனுப்பிய எச்.ஆரின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் "இண்டர்வியூ..." என்று இழுத்துவிட்டு நிற்பார்கள். எந்த வேலைக்கு, யார் வரச் சொன்னது, எத்தனை மணிக்கு என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் போன் இரண்டு தடவை அடித்து நின்றுவிடும்.

அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் பதறாதீர்கள். அது வேலைப் பழக்கம், உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்லை. மேலே சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் தயாராக வைத்துக்கொண்டு, அடுத்ததைத் தமிழில் கேட்டால் பெரும்பாலும் அவரும் தமிழுக்கு வந்துவிடுவார். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்று பலருக்குக் குழப்பம் உண்டு. வாசலில் செக்யூரிட்டியை "அண்ணா" என்று கூப்பிட்டால் நன்றாக இருக்கும், வயதில் பெரியவர் என்றால் "ஐயா". மேஜைக்குப் பின்னால் இருப்பவர் உங்களைவிடச் சின்னவராகவே இருந்தாலும் "மேடம்" அல்லது "சார்" போதும். "அக்கா" தப்பான சொல் இல்லை, ஆனால் அலுவலகத்துக்குள் அது கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி கேட்கும். வாக்கியத்துக்கு வாக்கியம் மேடம் சேர்க்க வேண்டாம், முதலில் ஒரு தடவை போதும். அதற்கப்புறம் "ங்க" பார்த்துக்கொள்ளும்.

ரிசப்ஷனிஸ்டிடம் ஓய்வாக இரண்டு வார்த்தை பேசுவதற்கு நேரம் வரும். பதினொன்று வாக்கில் கூட்டம் அடங்கும், அவர் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார், நாற்காலியில் சாய்வார். ஃபார்மைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அப்போது போங்கள். "காலையில செம கூட்டம் இல்லைங்க? தினமும் இப்படித்தானா?" என்று கேட்டால் போதும். அவர் சிரித்துக்கொண்டே "இன்னைக்கு இண்டர்வியூ இருக்கிறதால" என்பார், அல்லது "திங்கட்கிழமை வந்து பாருங்க" என்பார். உங்களுக்குக் கிடைத்தது அரை நிமிஷம்தான், அது போதும். போன் அடித்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "நீங்க பாருங்க" என்று கையைக் காட்டி நகர்ந்துவிட வேண்டும். போனை எடுக்க விடாமல் எதிரில் நின்றுகொண்டே இருப்பவர்கள்தான் எங்களுக்குச் சிரமம். பேச்சே இல்லாதவர்களால் எந்தச் சிரமமும் வந்ததில்லை.

அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், பேனல் எப்போது சாப்பிடப் போகும், ஒரு ஆளுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள், ரெஸ்ட்ரூம் எங்கே, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை எங்கே என்பதெல்லாம் தெரியும்; கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். "எத்தனை வேகன்ஸி?", "என்ன சம்பளம் தருவாங்க?", "முன்னாடி போனவர் செலக்டா?" போன்றவை அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல முடியாது. அவற்றைக் கேட்டால் அவர் முகம் இறுகிவிடும், அதற்குமேல் பேச்சு வளராது. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பதைவிட "எனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, அதனால் அது குறை சொல்வது போலக் கேட்கும். இரண்டாவதற்குப் பட்டியலைப் பார்த்து எண்ணிச் சொல்லிவிடலாம்.

இதில் ஒன்று மட்டும் கட்டாயம். வெளியே டீ குடிக்கப் போனால்கூடச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருமுறை ஒரு பையன் சொல்லாமல் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன், ஆள் இல்லை. பேனல் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவரைக் கடைசியில் சேர்த்தார்கள், மாலை ஐந்து மணி ஆனது. அதே நாளில் இன்னொருவர் மேஜைக்கு வந்து, "மேடம், டீ குடிச்சிட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடறேன். அதுக்குள்ள கூப்பிட்டா ஃபார்ம்ல இருக்கிற நம்பருக்கு ஒரு ரிங் விடுங்க, ஓடி வந்துடறேன். உங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஆனால் அவருடைய முறை நெருங்கியபோது நானாகவே போன் செய்தேன். கடைசிக் கேள்வியை நீங்களும் கேட்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இயல்பாக வந்தது. வராதவர் கேட்டால் செயற்கையாக இருக்கும்.

ரிசப்ஷனில் நடந்துகொண்டதை எச்.ஆர். கேட்பார்களா என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் இடத்தில் எப்போதாவது கேட்பார்கள், அதுவும் இரண்டு பேரில் ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டியபோது, "வெளியில எப்படி இருந்தார்?" என்று. அமெரிக்காவில் ஜாப்போஸ் என்ற செருப்புக் கம்பெனியில் டோனி ஷே தலைவராக இருந்தபோது, விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த வண்டி ஓட்டுநரிடமே வந்தவர் எப்படி நடந்துகொண்டார் என்று விசாரிப்பார்கள் என்பது பிரபலம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நான் சொன்னதெல்லாம் பெரும்பாலும் "நல்லாத்தான் இருந்தார் சார்" என்பதுதான். சாதாரண மரியாதைக்கு யாருக்கும் கூடுதல் மார்க் கிடைப்பதை நான் பார்த்ததில்லை. செக்யூரிட்டியிடம் கத்தியவருக்குக் குறைந்திருக்கிறது.

சரி, இப்போது பக்கத்து நாற்காலி.

பேச விஷயம் வேண்டும் என்று நீங்கள் நினைப்பதுதான் உங்களைத் தடுக்கிறது. தெருவில் எதிர்ப்படுகிறவரிடம் "என்ன, சாப்டாச்சா?" என்று கேட்கிறோம். அவர் என்ன சாப்பிட்டார் என்று தெரிந்துகொள்ளவா கேட்கிறோம்? "உன்னைப் பார்த்தேன், நமக்குள் ஒன்றும் தப்பில்லை" என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் அது. மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1923-லேயே இந்த வகைப் பேச்சைத் தனியாக எடுத்து எழுதினார். செய்தி சொல்வது இதன் வேலை இல்லை, ஆளையும் ஆளையும் இணைப்பதுதான் வேலை என்றார். நம் ஊரில் வளர்ந்தவருக்கு இது புதிதில்லை. சிவகாசியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்கள் செய்வதைத்தான் கிண்டி ஹாலிலும் செய்யப் போகிறீர்கள்.

அந்த ஹாலில் தொடங்குவதற்கு வசதியான பொருள் ஒன்று எல்லார் மடியிலும் இருக்கும்: அப்ளிகேஷன் ஃபார்ம். நாலு பக்கம், சின்னச் சின்னக் கட்டங்கள், போட்டோ ஒட்ட ஒரு இடம், "எதிர்பார்க்கும் சம்பளம்", "நோட்டீஸ் பீரியட்", "ரெஃபரன்ஸ் இருவர்" என்று எல்லாரும் பேனாவை நிறுத்தி யோசிக்கும் இடங்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் கேட்கக்கூடிய கேள்விகள் அதிலேயே இருக்கின்றன.

நான் பார்த்த ஒன்றை அப்படியே சொல்கிறேன். அன்றைக்கும் அக்கவுண்ட்ஸ் வேலைக்குத்தான் ஆள் எடுத்தார்கள், பதினேழு பேர் வந்திருந்தார்கள். என் மேஜைக்கு எதிர் வரிசையில் ஒரு பெண். ஃபார்மில் மூன்றாவது பக்கத்தில் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஒருவர், பழைய லெதர் ஃபைலோடு. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்:

"சார், இந்த ரெஃபரன்ஸ்ல யாரைப் போட்டீங்க? பழைய ஆபீஸ் ஆளைப் போடலாமா?"

"போடலாம்மா. ஆனா இப்போ வேலை பார்க்கிற இடத்துல யாரையும் போடாதீங்க, போன் போயிடும். நான் முன்னாடி இருந்த ஆபீஸ் ஆடிட்டரைப் போட்டிருக்கேன்."

"ஓ, ஆடிட்டரைப் போடலாம்ல. எனக்குத் தோணவே இல்லை." எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "ஆடிட் நேரத்துல உங்களுக்கும் ராத்திரி வரைக்கும் இருக்க வேண்டியிருக்குமா?"

அவ்வளவுதான். அந்த மனிதர் ஃபைலை மூடிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். செப்டம்பர் மாசம் வீட்டில் பிள்ளைகள் தன்னை மறந்தே போய்விடுவார்கள் என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினார். அந்தப் பெண் பேசியது அதிகம் இல்லை. முதல் கேள்வி ஃபார்மைப் பற்றி. இரண்டாவது கேள்வி அவர் சொன்ன பதிலுக்குள்ளிருந்தே எடுத்தது. எடுத்த சொல் "ஆடிட்டர்".

முழு விஷயமும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஹார்வர்டில் கேரன் ஹுவாங், அலிசன் வுட் புரூக்ஸ் முதலானோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் கேள்வி கேட்பவர்களை, அதிலும் சொன்ன பதிலைத் தொடர்ந்து கேட்பவர்களை, எதிரில் இருப்பவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. பேசத் தெரியாதவர்கள் செய்யும் தவறு இங்கேதான் நடக்கிறது. "எந்த ஊர்?" "மதுரை." "என்ன படிச்சீங்க?" "எம்.காம்." "எக்ஸ்பீரியன்ஸ்?" "மூணு வருஷம்." மூன்று கேள்விக்கு மூன்று ஒற்றை வார்த்தை, நேரில் ஒரு ஃபார்ம் நிரப்பிய மாதிரி. மதுரை என்றதும் "காலையிலதான் வந்தீங்களா, நேத்தே வந்துட்டீங்களா?" என்று அங்கேயே நின்றிருந்தால் போதும். ராத்திரி பஸ், கிளாம்பாக்கத்தில் இறங்கியது, அங்கிருந்து கிண்டிக்கு வந்து சேர்ந்த கதை என்று வெளியூரிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் அன்றைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும்.

உங்களிடமும் இருக்கிறது, அதையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசி என்றதும் பத்தில் ஒன்பது பேர் "ஓ, பட்டாசா?" என்பார்கள். "இல்லை, பிரஸ்" என்று நிறுத்திவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "பட்டாசு இல்லைங்க, பிரஸ்ல இருந்தேன். காலண்டர் அடிப்போம். ஆடிப்பெருக்கு அன்னைக்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகிடும், அப்போ இருந்து டிசம்பர் வரைக்கும் பில் போட்டு மாளாது" என்று சொல்லிப் பாருங்கள். ஆடி மாசத்திலேயே அடுத்த வருஷக் காலண்டரா என்று கேட்காதவர் இருக்க மாட்டார். உங்கள் வேலையையும் சொன்னதாகிவிட்டது, பெருமையடித்ததாகவும் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே பேனல் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்னும்போது, அதே வாக்கியத்தை நீங்கள் ஏற்கனவே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருப்பீர்கள்.

ஊர் கேட்பதில் ஒரு எல்லை இருக்கிறது, அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். "எந்த ஊர்?" என்பது நல்ல கேள்வி. "ஊர்ல எந்தப் பக்கம்?", "எந்தத் தெரு?", "அப்பா பேர் என்ன, குலதெய்வம் எங்கே?" என்று அது நீண்டால் எதை விசாரிக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நீங்கள் கேட்காதீர்கள். உங்களிடம் யாராவது கேட்டால், "டவுன்லதாங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை ஃபார்முக்கே திருப்புங்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வியும் அதே கணக்கு. பெண்களிடம் "எங்கே தங்கியிருக்கீங்க?" என்று கேட்பதை ஆண்கள் தவிர்ப்பது நல்லது. கேட்பவர் ஹாஸ்டல் வாடகையை நினைத்துக்கூடக் கேட்கலாம், ஆனால் கேட்கப்பட்டவருக்கு அது தெரியாது.

சம்பளம் கட்டாயம் வரும். "எவ்வளவு கேட்கப்போறீங்க?" என்று பக்கத்தில் இருப்பவர் மெதுவாகக் கேட்பார். அவருக்குத் தெரிய வேண்டியது தான் கேட்கப்போவது அதிகமா, குறைவா என்பதுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் தொகையைச் சொன்னால், அவர் சொல்லும் தொகை உங்கள் மனதில் உட்கார்ந்துவிடும். பதினெட்டாயிரம் கேட்கலாம் என்று வந்தவர் பக்கத்தில் கேட்டதை நம்பி, ஃபார்மில் அதை அடித்து மாற்றி எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அந்த அடித்தல் பேனலின் கண்ணிலும் படும். "அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருக்கேங்க" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

இன்னொரு வகைப் பேச்சு எல்லா ஹாலிலும் நடுப்பகலுக்கு மேல் கிளம்பும். "இதெல்லாம் கண்துடைப்பு, உள்ளுக்குள்ள ஆள் ரெடி" என்பார் ஒருவர். இன்னொருவர் பழைய மேனேஜரைத் திட்டத் தொடங்குவார். பசியும் சலிப்பும் பேசுகின்றன, வேறில்லை. கேட்டுக்கொள்ளலாம், சேர்ந்து பேசக் கூடாது. காரணம் ரொம்பச் சாதாரணமானது: ரிசப்ஷன் என்பது எல்லாரும் கடந்து போகும் வழி. எங்கள் ஃபைனான்ஸ் மேனேஜர் பேங்க்கிலிருந்து வந்து, லிஃப்ட் வரும்வரை அதே சோபாவில் உட்காருவார். அரைக்கைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. அவர்தான் பேனல் என்பது உள்ளே போகும்வரை யாருக்கும் தெரியாது. "தெரியலீங்க, வந்தாச்சு, பார்த்துட்டே போவோம்" என்பது அந்த நேரத்துக்கு நல்ல பதில். அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுங்கள்.

எல்லாருக்கும் பேசப் பிடிக்காது, அதையும் மதிக்க வேண்டும். காதில் இயர்போன் இருந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம். இல்லையென்றால் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு அவர் திருப்பி ஒன்று கேட்டாலோ, முழங்கால் உங்கள் பக்கம் திரும்பினாலோ தொடரலாம். இரண்டு தடவை ஒற்றைச் சொல்லில் பதில் வந்து கண் ஃபைலுக்குப் போய்விட்டால் அவர் படிக்கிறார், அல்லது பயத்தில் இருக்கிறார். "சரிங்க, நீங்க படிங்க" என்று விட்டுவிடுங்கள். நீங்கள் தோற்றுப்போனதாக நினைக்க வேண்டியதில்லை. சிகாகோவில் எப்லியும் ஷ்ரோடரும் ரயில் பயணிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. தெரியாதவரிடம் பேசினால் பயணம் கெட்டுப்போகும் என்றுதான் மக்கள் எதிர்பார்த்தார்கள். பேசச் சொன்னபோது பேசியவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கும் பேசத் தயக்கம் இருக்கிறது, நீங்கள் ஆரம்பிப்பீர்களா என்று அவரும் காத்திருக்கிறார் என்பது என் அனுபவத்திலும் சரி. வேலைக்கு வந்து சேர்ந்த பலர் பிறகு என்னிடம் சொன்னதும் அதுதான்.

பேச்சை முடிப்பதற்கும் ஒரு வாக்கியம் கையில் இருக்கட்டும். ஆரம்பிக்கப் பயப்படுபவர்களில் பலர் உண்மையில் முடிக்கத் தெரியாமல்தான் பயப்படுகிறார்கள், மாட்டிக்கொள்வோமோ என்று. "சரிங்க, ஒரு தடவை என் ரெஸ்யூமைப் பார்த்துக்கறேன்" என்றால் இந்த ஹாலில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று மணி நேரமும் பேச வேண்டியதில்லை. வந்ததும் ஐந்து நிமிஷம், நடுவில் ஒரு தடவை, உங்கள் முறைக்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு தடவை. கடைசியாகச் சொன்னது முக்கியம், குரலுக்காக. அப்போது பக்கத்தில் யாரும் இல்லையென்றால் மேஜைக்குப் போய் "மேடம், அடுத்தது நானா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

உள்ளே போனவர் வெளியே வருவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கணம். கதவு திறந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு "என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க?" என்பார்கள். வந்தவர் முகத்தை முதலில் பாருங்கள். நேராகத் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார் என்றால் விட்டுவிடுங்கள். நின்றால், "எப்படிப் போச்சுங்க?" என்ற ஒரு கேள்வி போதும். அவர் சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். அவர் சொல்கிற கேள்விகளை வைத்துக் கடைசி நிமிஷத்தில் எதையும் புதிதாகப் படிக்க ஆரம்பிக்காதீர்கள். அவரிடம் கேட்டதை உங்களிடம் கேட்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை, இருக்கிற நிதானமும் போய்விடும்.

நீங்கள் வெளியே வரும்போது உங்களிடமும் கேட்பார்கள். "ஜிஎஸ்டி பத்திக் கேட்டாங்க, டேலியில ரெண்டு என்ட்ரி போடச் சொன்னாங்க, நல்லாத்தான் பேசறாங்க" என்று பொதுவாகச் சொல்லலாம். அந்தக் கடைசி வார்த்தை, காத்திருப்பவருக்குப் பெரிய உதவி. எழுத்துத் தேர்வின் கேள்விகளை மட்டும் சொல்லாதீர்கள். பல இடங்களில் நாள் முழுக்க ஒரே தாள்தான். சொல்வது வெளியே தெரிந்தால் சொன்னவருக்கும் சிக்கல், கேட்டவருக்கும் சிக்கல்.

போகும்போது விசிட்டர் பாஸை மேஜையில் வைத்துவிட்டு, "வரேங்க மேடம், தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலையில் வாங்கிய ஸ்டேப்ளர் பையில் இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். மாலைக்குள் என் மேஜையிலிருந்து இரண்டு பேனாவும் ஒரு கம் ஸ்டிக்கும் காணாமல் போகாத இண்டர்வியூ நாளே கிடையாது. நன்றாகப் பேசிய பக்கத்து நாற்காலிக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தால் நம்பர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும்போதுதான், அதுவும் உங்கள் நம்பரை முதலில் கொடுத்து: "வேற எங்கேயாவது அக்கவுண்ட்ஸ்ல ஓபனிங் வந்தா சொல்லுங்க, எனக்கு வந்தா நானும் சொல்றேன்." அவர் சேமித்துக்கொண்டு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கொடுக்கட்டும்.

புதன்கிழமை பொதிகையில் வருகிறீர்கள் என்றால் தாம்பரத்தில் இறங்கி எலக்ட்ரிக் ட்ரெயின் பிடியுங்கள், கிண்டி ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம். ட்ரெயினில் பக்கத்தில் நிற்பவரிடம் "கிண்டி அடுத்த ஸ்டேஷனாங்க?" என்று கேளுங்கள். தெரிந்தாலும் கேளுங்கள். அன்றைய முதல் வாக்கியம் அங்கேயே வந்துவிடும்.